கேம்பஸுக்கு வரும் கம்பெனியை ரிஜிஸ்டர் செய்வதற்கு முன் எடைபோடுவது எப்படி?

ஏழாவது செமஸ்டர் தொடங்கியதும் பிளேஸ்மென்ட் செல்லிலிருந்து மெயில்கள் வர ஆரம்பிக்கும். சாயங்காலம் வேலை விவரம் சொல்லும் ஜேடி வரும், மறுநாள் காலைக்குள் ஃபார்ம் நிரப்பச் சொல்வார்கள். கம்பெனி பெயர், நமக்காக வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்று சிடிசியாக ஒரு பெரிய எண், கட்ஆஃப் சிஜிபிஏ, இவ்வளவுதான் அதில் இருக்கும். வகுப்பில் எல்லோரும் ரிஜிஸ்டர் செய்கிறார்கள் என்று நாமும் செய்துவிடுவோம். செலக்ட் ஆன பிறகுதான் இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட், ரிட்டென்ஷன் போனஸ், சேரும் தேதி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்போது பின்வாங்க முடியாது. எங்கள் பேட்ச்சில் பலர் இப்படி மாட்டினார்கள். நாங்கள் ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு தெரிந்துகொண்டதை, அந்த ஒரு ராத்திரிக்குள் நீங்கள் பார்த்து முடிக்கும்படி இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெரும்பாலும் தனியார் கல்லூரிகளுக்கு வரும் ஐடி, கோர் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது.

1. முதலில் உங்கள் கல்லூரியின் விதியைப் படியுங்கள்

கம்பெனியைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இது. பல கல்லூரிகளில் ஒருவருக்கு ஒரு ஆஃபர்தான். செலக்ட் ஆனால் அதன் பிறகு வரும் கம்பெனிகளுக்கு உங்களை உட்கார விட மாட்டார்கள். சில இடங்களில் 'ட்ரீம்' என்று ஒரு விலக்கு உண்டு. கையில் இருக்கும் ஆஃபரைவிட ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ சிடிசி தரும் கம்பெனி வந்தால் மட்டும் மறுபடி உட்காரலாம்.

இந்த விலக்கு சிடிசியை வைத்துக் கணக்கிடப்படுகிறது, கைக்கு வரும் சம்பளத்தை வைத்து அல்ல. அதனால் ஊதிப் பெருக்கிய 7 லட்சம் சிடிசி ஒன்று கையில் இருந்தால், நேர்மையாக 8 லட்சம் தரும் கம்பெனிக்குக்கூட நீங்கள் உட்கார முடியாமல் போகலாம். வீங்கிய எண் உங்கள் சம்பளத்தை உயர்த்தாது, ஆனால் உங்கள் கதவை மூடிவிடும்.

ரிஜிஸ்டர் செய்துவிட்டு டெஸ்டுக்குப் போகாவிட்டால் என்ன தண்டனை என்பதையும் பாருங்கள். அடுத்த சில கம்பெனிகளுக்குத் தடை போடும் கல்லூரிகள் இருக்கின்றன. விதி நோட்டீஸ் போர்டில் இல்லையென்றால் பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது நவம்பரில் ஒருமாதிரி, ஜனவரியில் வேறுமாதிரி இருக்கும்.

2. ஜேடியில் இருக்கும் பெயர் யாருடையது?

ஜேடியில் பெரிய பன்னாட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும். கீழே பொடி எழுத்தில், ஆள் எடுப்பது இன்னொரு பிரைவேட் லிமிடெட் என்று இருக்கும். அதாவது பெரிய நிறுவனம் வெறும் கிளையன்ட், உங்களுக்குச் சம்பளம் போடப்போவது வேறு ஒருவர். அதில் தவறில்லை, ஆனால் நீங்கள் எடைபோட வேண்டியது சம்பளம் போடுபவரைத்தான். ஆஃபர் லெட்டர் எந்தச் சட்டப்படியான பெயரில் வரும் என்று கேட்டு, அந்தப் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இரண்டு அரசு இணையதளங்கள். ஒன்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in. அங்கே கம்பெனியின் மாஸ்டர் டேட்டாவை இலவசமாகப் பார்க்கலாம். 21 எழுத்தும் எண்ணும் கொண்ட சிஐஎன் என்ற அடையாள எண் ஒன்று இருக்கும். அது U72900TN2019PTC என்று தொடங்கி ஆறு எண்களில் முடிந்தால், பங்குச் சந்தையில் இல்லாத, தமிழ்நாட்டில் 2019ல் பதிவான பிரைவேட் லிமிடெட் என்று அர்த்தம். முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலானது. டெஸ்டுக்கு முன் கம்பெனி நடத்தும் அறிமுகக் கூட்டமான பிபிடியில் 'பதினைந்து ஆண்டு பாரம்பரியம்' என்று சொன்ன கம்பெனியின் சிஐஎன்னில் ஆண்டு 2023 என்று இருந்தால், ஏன் என்று கேட்கலாம். பெயர் மாற்றம், வெளிநாட்டுத் தாய் நிறுவனம் என்று நியாயமான காரணமும் இருக்கும். கடைசியாக எந்த ஆண்டுக்கான பேலன்ஸ் ஷீட் தாக்கல் ஆகியிருக்கிறது என்பதும் அதே பக்கத்தில் தெரியும். இரண்டு மூன்று வருடமாகத் தாக்கலே இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள். கணக்குகளையே பார்க்க வேண்டுமென்றால் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டணம். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பார்க்கலாம்.

இரண்டாவது, வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் உள்ள Establishment Search. என்னைக் கேட்டால் எம்சிஏவைவிட இது முக்கியம். கம்பெனி பெயரைக் கொடுத்தால், மாதாமாதம் எவ்வளவு பிஎஃப் கட்டினார்கள், எத்தனை ஊழியர்களுக்குக் கட்டினார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்பது வரிசையாக வரும். ஒரு மாதத்துக்கான பிஎஃப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் தள்ளிக் கட்டுகிறார்கள் என்றால், அங்கே சம்பளமும் தள்ளித்தான் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் எண்ணிக்கை ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்திருந்தால் ஆட்குறைப்பு நடந்திருக்கிறது.

ஒரே எண்ணைப் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். 20 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்துக்குப் பிஎஃப் கட்டாயமில்லை. பெரிய கம்பெனிகள் ஊருக்கு ஊர் தனித்தனி எண்ணில் பதிந்திருக்கலாம். முதல் வேலையிலேயே 15,000க்கு மேல் அடிப்படைச் சம்பளம் வாங்கியவர்கள் பிஎஃபில் சேராமலே இருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே எண்ணைவிட அது போகும் திசையைப் பாருங்கள்.

3. சிடிசியைப் பிரித்துப் போடுங்கள்

ஜேடியில் பிரேக்-அப் இல்லையென்றால் பிளேஸ்மென்ட் செல் மூலம் கேளுங்கள். 'செலக்ட் ஆன பிறகு தருவோம்' என்று பதில் வந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது. முந்தைய வருடம் சேர்ந்த சீனியரின் ஆஃபர் லெட்டர் கிடைத்தால் அதில் கடைசிப் பக்கம் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனிகள் வருகின்றன. முதல் கம்பெனி 7 லட்சம், இரண்டாவது 4.2 லட்சம். ஹாஸ்டலில் யாரைக் கேட்டாலும் முதல் கம்பெனிதான் என்பார்கள்.

முதல் கம்பெனியின் 7 லட்சத்தைப் பிரித்தால் இப்படி வருகிறது. அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000, வீட்டு வாடகைப்படி 7,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 6,500. ஆக மாதம் 29,000, வருடத்துக்கு 3,48,000. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 21,600. கிராஜுவிட்டி 8,658. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 11,742. இதுவரை 3,90,000. அதற்கு மேல் செயல்திறனைப் பொறுத்த வேரியபிள் 60,000, ஜாயினிங் போனஸ் 50,000. மீதி 2 லட்சம் ரிட்டென்ஷன் போனஸ், இரண்டு வருடம் முடித்தால்தான் கிடைக்கும்.

மாதம் கைக்கு வருவது எவ்வளவு? 29,000ல் உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போகும். தொழில் வரி ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500, மாதக் கணக்கில் சுமார் 208. கிட்டத்தட்ட 27,000 மிஞ்சும். 7 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 58,000 வரும் என்று அம்மாவிடம் சொன்னவர், முதல் மாதம் முழிப்பார்.

இரண்டாவது கம்பெனியில் அடிப்படைச் சம்பளம் 16,000, மற்ற படிகள் 15,000, மொத்தம் மாதம் 31,000. வருடத்துக்கு 3,72,000. பிஎஃபுக்கு 21,600, கிராஜுவிட்டிக்கு 9,235, காப்பீட்டுக்கு 5,165, வேரியபிள் 12,000 சேர்த்தால் 4,20,000. அதே பிடித்தங்கள் போக மாதம் 29,000 கைக்கு வரும். 4.2 லட்சம் கம்பெனிதான் மாதாமாதம் 2,000 ரூபாய் அதிகம் தருகிறது. இரண்டிலும் இந்த அளவு வருமானத்துக்குப் புதிய வரி முறையில் வருமான வரி இல்லை, அதனால் அதை விட்டுவிடலாம்.

அப்படியென்றால் முதல் கம்பெனி ஏமாற்று வேலையா? இல்லை. இரண்டு வருடம் முழுதாக இருந்து பாருங்கள். வேரியபிளில் ஒரு பைசாகூட வரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் 24 மாதச் சம்பளம் 6,48,000, போனஸ்கள் 2,50,000, மொத்தம் 8,98,000. இரண்டாவது கம்பெனியில் அதே காலத்துக்கு 6,96,000தான். முதல் கம்பெனிதான் மேல்.

ஆனால் பதினெட்டாவது மாதத்தில் கிளம்பிவிட்டால்? சம்பளம் 4,86,000, ஜாயினிங் போனஸ் 50,000. ரிட்டென்ஷன் போனஸ் கிடையாது. பாண்ட் தொகை 2 லட்சம் என்றால் அது கையை விட்டுப் போகும். மிஞ்சுவது 3,36,000. இரண்டாவது கம்பெனியில் பாண்ட் இல்லையென்றால் அதே பதினெட்டு மாதத்துக்கு 5,22,000 உங்களிடம் இருக்கும்.

ஆக, 7 லட்சம் என்பது சம்பளம் அல்ல, இரண்டு வருடம் கட்டாயம் இருப்பீர்கள் என்ற நிபந்தனையின் விலை. எம்எஸ் படிக்கப் போக நினைப்பவர், கேட் எழுதப்போகிறவர், ஒரு வருடத்தில் வேறு வேலை தேட நினைப்பவர், இவர்களுக்கு இரண்டாவது கம்பெனி நல்லது. இரண்டு வருடம் எங்கேயும் போவதில்லை, மொத்தத் தொகை வீட்டுக் கடனுக்கு வேண்டும் என்பவருக்கு முதலாவது.

பிரித்துப் பார்க்கும்போது இன்னும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். கிராஜுவிட்டி நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும், அதனால் முதல் வேலையில் அதைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜாயினிங் போனஸை ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். கம்பெனியின் பங்குகளையும் சிடிசியில் சேர்த்திருந்தால், அது நான்கு வருடத்துக்குப் பரவியதா, முதல் வருடக் கணக்கில் மொத்தமாகக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டியலாகாத கம்பெனியின் பங்கை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

4. பாண்டில் எந்த வரியைப் படிக்க வேண்டும்

'பாண்ட் எவ்வளவு?' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறோம். தொகையைவிட முக்கியமான நான்கு கேள்விகள் இருக்கின்றன. காலம் சேர்ந்த நாளிலிருந்து தொடங்குமா, டிரெய்னிங் முடிந்த நாளிலிருந்தா? டிரெய்னிங் ஆறு மாதம் என்றால், இரண்டு வருட பாண்ட் இரண்டரை வருடம் ஆகிவிடும். இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கு மட்டும் கட்ட வேண்டுமா, முழுத் தொகையுமா? கம்பெனியே நம்மை அனுப்பினாலும் கட்டச் சொல்லும் வரி உண்டா? அதற்கு மேல் நோட்டீஸ் பீரியட் தனியாக எத்தனை நாள்?

'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று சீனியர்கள் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்று வருட, 2 லட்சம் ரூபாய் பாண்ட் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைப்பார்கள். அடுத்த கம்பெனி அதைக் கேட்கும். அதற்காகவே பணம் கட்டிவிட்டு வருகிறார்கள்.

இரண்டு விஷயங்களுக்கு மட்டும் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று, ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவைப்பது. சரிபார்க்கக் காட்டலாம், அன்றே வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். இரண்டாவது, பணம். டிரெய்னிங் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பதிவுக் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையாக இருந்தாலும் சரி, வேண்டாம். ஆள் எடுக்கும் கம்பெனி நம்மிடம் காசு வாங்காது.

5. பிபிடியில் இந்த மூன்றைக் கேளுங்கள்

பிபிடி முடிவில் 'எனி கொஸ்டின்ஸ்?' என்பார்கள். வொர்க் கல்ச்சர் எப்படி என்று யாராவது கேட்பார், சூப்பர் என்று பதில் வரும். அதை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள்.

போன வருடம் இந்தக் கல்லூரியில் எத்தனை பேருக்கு ஆஃபர் கொடுத்தீர்கள், இன்று வரை எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்? இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஆன்போர்டிங் தாமதம். 2022ல் படித்து முடித்த பலர் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். மாஸாக ஆள் எடுக்கும் கம்பெனிகளில் இது மறுபடியும் நடக்கக்கூடியது.

டிரெய்னிங் அசெஸ்மென்டில் தேறாவிட்டால் என்ன ஆகும், எத்தனை வாய்ப்பு? மூன்றாவது, எந்த டெக்னாலஜி, எந்த ஊர் என்பது எப்போது முடிவாகும்? 'பிசினஸ் தேவையைப் பொறுத்து' என்றால், ஜேடியில் ஜாவா டெவலப்பர் என்று போட்டிருந்தாலும் நைட் ஷிப்ட் சப்போர்ட் வேலைக்குப் போகத் தயாராக இருங்கள் என்று பொருள்.

எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் பிளேஸ்மென்ட் கோ-ஆர்டினேட்டராக இருக்கும் வகுப்புத் தோழரைக் கேட்கச் சொல்லுங்கள். அன்று ராத்திரியே லிங்க்ட்இன்னில் நம் கல்லூரி, அந்தக் கம்பெனி இரண்டையும் போட்டுத் தேடி, போன பேட்ச் ஆள் ஒருவரிடம் பேசிவிடுங்கள். 'அண்ணா, கம்பெனி எப்படி?' என்று கேட்டால் 'நல்லாயிருக்குப்பா' என்று முடித்துவிடுவார். 'ஆஃபர் எந்த மாதம் வந்தது, எந்த மாதம் சேர்ந்தீங்க, முதல் மாதம் அக்கவுண்டில் எவ்வளவு ஏறியது, உங்க கூடச் சேர்ந்ததில் இப்போ எத்தனை பேர் இருக்காங்க' என்று கேட்டால் சரியான பதில் வரும். முடிந்தால் விலகியவர் ஒருவரிடமும் பேசுங்கள்.

6. செலக்ட் ஆன பிறகு வரும் காகிதங்கள்

முதலில் வருவது பெரும்பாலும் லெட்டர் ஆஃப் இன்டென்ட். அதில் சேரும் தேதி இருக்காது, சில சமயம் சம்பளப் பிரேக்-அப்பும் இருக்காது. அது வேலை உறுதி அல்ல. ஆஃபர் லெட்டர் பிறகுதான் வரும், சில கம்பெனிகளில் எட்டாவது செமஸ்டர் ரிசல்ட்டுக்கு அப்புறம். சேர்ந்த அன்று தருவது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். பிபிடியில் சொன்ன எண்ணையும் ஆஃபர் லெட்டர் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் பிளேஸ்மென்ட் ஆபீசரையும் சேர்த்து எச்ஆருக்கு மெயில் போடுங்கள். போனில் சொன்ன சமாதானத்துக்கு மதிப்பில்லை.

அரியர் நிபந்தனையையும் அதில் தேடுங்கள். சேரும் நாளில் அரியர் இருக்கக் கூடாது என்பது வழக்கம். சில கம்பெனிகள் கடைசி செமஸ்டர் வரை குறிப்பிட்ட சதவீதம் குறையக் கூடாது என்றும் எழுதியிருப்பார்கள்.

இன்டர்ன்ஷிப்போடு வரும் ஆஃபர் என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம். எட்டாவது செமஸ்டர் முழுக்க ஸ்டைபண்டில் வேலை வாங்கிவிட்டு, 'செயல்திறனைப் பொறுத்து' வேலை என்று எழுதியிருந்தால் உங்களிடம் இருப்பது இன்டர்ன்ஷிப் மட்டும்தான். போன வருட இன்டர்ன்களில் எத்தனை பேரை நிரந்தரம் ஆக்கினார்கள் என்று கேளுங்கள். இதைக் கல்லூரி ஒரு ஆஃபர் என்று கணக்கில் வைத்து உங்களை அடுத்த கம்பெனிகளிலிருந்து நிறுத்துகிறதா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஜேடி மெயில், பிபிடி ஸ்லைடுகளின் போட்டோ, லெட்டர் ஆஃப் இன்டென்ட், எச்ஆர் மெயில்கள் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். கல்லூரி மெயில் ஐடி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம், ஆன்போர்டிங் மெயிலும் அங்கேயே போய்த் தொலையும். அதனால் கம்பெனி போர்ட்டலில் சொந்த ஐடியை எட்டாவது செமஸ்டருக்குள் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். படிப்பு முடிந்து மூன்று மாதம் ஆகியும் சேரும் தேதி வரவில்லையென்றால் எச்ஆருக்கு எழுத்தில் கேட்டுவிட்டு, ஆஃப்-கேம்பஸில் விண்ணப்பிக்கத் தொடங்கலாம். கல்லூரியின் ஒரு ஆஃபர் விதி அதற்குப் பொருந்தாது.